மரபணு அறிக்கையைக் கொண்டு ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

சென்னைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தடகளப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லூரியில் மரபியல் கற்பிப்பவன். பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் பிள்ளைகளை ஓடவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் சிலர், ஒரு பக்க மரபணு அறிக்கையை என்னிடம் நீட்டி விளக்கம் கேட்கிறார்கள். ‘வேக மரபணு உண்டு’ என்றால் 100 மீட்டர், ‘இல்லை’ என்றால் நெடுந்தூரம் என்று அதைப் பார்த்தே பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சியாளர்களும் இருப்பதாக அறிகிறேன். இதற்கு எல்லோரும் காட்டும் சான்று ஜமைக்கா: அந்தச் சிறு தீவு நாட்டினர் விரைவோட்டத்தில் பதக்கங்களைக் குவிப்பது வம்சாவளியாக வந்த இந்த மரபணுவால்தான் என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அறிக்கை குறிப்பிடுவது ஏசிடிஎன்-3 என்னும் மரபணு. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் மட்டுமே காணப்படும் ஒரு புரதத்தை அது உருவாக்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் செயல்படாத பிரதியைப் பெற்றவர்களிடம் இப்புரதம் அறவே இராது. அதனால் அவர்களுக்கு நோய் எதுவும் வருவதில்லை. 2003இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பொதுமக்களில் சுமார் 18 விழுக்காட்டினர் இப்படி இருக்க, விரைவோட்டம் போன்ற வலு சார்ந்த போட்டிகளின் முன்னணி வீரர்களில் 6 விழுக்காட்டினரே இருந்தனர். ‘வேக மரபணு’ என்ற பெயர் பரவியது இதன் பிறகுதான்.

ஆனால் 2010இல் ஜமைக்காவின் முன்னணி விரைவோட்டக்காரர்களை அந்நாட்டுச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடே தென்படவில்லை. புரதம் இல்லாதவர்கள் இரு பிரிவிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். கிங்ஸ்டனில் காய்கறி விற்பவருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் பொதுவாக இருப்பது, அவ்விருவரில் ஒருவர் மட்டும் ஏன் பதக்கம் வென்றார் என்பதை விளக்காது. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டாலும் கணக்கு இடிக்கிறது: கென்யர்களிலும் இப்புரதம் இல்லாதவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரே, அவர்களோ நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள். மறுபுறம், இப்புரதமே இல்லாத ஸ்பானிய நீளம் தாண்டும் வீரர் ஒருவர் ஒலிம்பிக்கில் பங்கேற்றிருக்கிறார்.

ஜமைக்காவில் 1910 முதல் நடந்துவரும் பள்ளித் தடகளப் போட்டி, வேகமாக ஓடும் பிள்ளை எந்தக் கிராமத்தில் இருந்தாலும் கண்டெடுத்துவிடுகிறது. இத்தகைய ஏற்பாடு ஒருபுறம், வம்சாவளி மறுபுறம் என இரண்டும் ஒரே மக்களிடம் சேர்ந்திருக்கும்போது, வெற்றியை முழுவதுமாக வம்சாவளியின் கணக்கில் எழுத எந்த ஆய்வும் இடம் தரவில்லை. குப்பத்துப் பிள்ளைக்குப் பிறவியிலேயே தோள்வலு என்று நம் ஊரில் சொல்வதும் இதே தவறுதான். வலை இழுக்கும் வேலையை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

உடல்திறனில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயரத்தைப் போலவே அதுவும் ஏராளமான மரபணுக்களின் சிறுசிறு பங்குகளால் அமைவது. ஏசிடிஎன்-3இன் பங்கு சில விழுக்காடு மட்டுமே. திறனாளிகளைக் கண்டறிய இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று விளையாட்டு மரபியல் வல்லுநர்கள் 2015இல் கூட்டாக அறிவித்ததும் இதனால்தான்.

ஆகவே, சேர்க்கையின்போது அந்த அறிக்கையைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே அதைப் பார்த்துப் பிரித்த பிள்ளைகளை 30 மீட்டர் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் மறுபடியும் அளந்து பாருங்கள். பதின்மூன்று வயதில் முந்துபவர் பல நேரங்களில் முன்கூட்டியே பருவமடைந்தவராக இருப்பதால், ஒரே அளவீட்டை வைத்தும் யாரையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மரபியல் ஆசிரியர் ஒருவர், சென்னை