பெற்றோருக்கு: அரையாண்டுத் தேர்வும் ஆங்கில நோட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். பொங்கல் விழாவும் சிறப்பாக நடந்தது. மஞ்சள் அறுவடை நேரத்திலும் வந்து உதவிய எல்லோருக்கும் நன்றிங்க.

அப்புறம், ஏழாம் வகுப்பு ஆங்கில நோட்டு. "மற்ற பள்ளிகளில் தினமும் இருபது வார்த்தை தருகிறார்கள், இங்கே வாரத்துக்கு ஐந்து வரிதானா?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

அரையாண்டு விடைத்தாள் ஒன்றில் ஒரு பிள்ளை "ஐ டிட் எ மிஸ்டேக்" என்றும், அடுத்த வரியிலேயே "ஐ மேட் மை ஹோம்வொர்க்" என்றும் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்த பிள்ளைதான். ஆனால் மனப்பாடம் செய்த பட்டியலில் மேக் என்றாலும் செய், டூ என்றாலும் செய். மிஸ்டேக் வந்தால் மேக், ஹோம்வொர்க் வந்தால் டூ என்பதை அந்தப் பட்டியல் எங்கே சொல்கிறது? இதற்கு முழுதாகக் கைகொடுக்கும் விதி ஏதும் இல்லை. வழக்கத்தில் சேர்ந்தவை, சேர்த்தேதான் படிக்க வேண்டும்.

அதனால்தான் நோட்டில் வலப்பக்கம் டெசிஷன், இடப்பக்கம் அதோடு வரும் மேக், கீழே பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு வரி. (டேக் எ டெசிஷன் என்பதும் பிரிட்டிஷ் வழக்கில் உண்டு, அதைத் தப்பென்று அடிக்க வேண்டாம். டூ மட்டும் வராது.) மறுநாள் இடப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கேளுங்கள். யோசிக்காமல் மேக் என்று வந்தால் படிந்துவிட்டது. தயங்கினால் அந்த வரியை இன்னொரு நாள் கேளுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, தறி ஓட்டிவிட்டு ராத்திரி வருகிறவர்களுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆடு, தறி, தேங்காய் போன்ற பொருள்களின் பெயரைத் தனி வார்த்தையாகவே படிக்கலாம், அதில் குறையில்லை. சிக்கலெல்லாம் மேக், டூ, டேக், ஹேவ் போன்ற சின்னச் சின்ன வினைகளில்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில வீடுகளில் இந்த நோட்டை ஓரம் வைத்துவிட்டு, பட்டியலை ஒப்பிக்கும்வரை பிள்ளையைத் தூங்க விடுவதில்லை என்று அறிகிறேன். சில நோட்டுகளில் சொந்த வரியையும் பெரியவர்களே எழுதித் தருகிறார்கள். இரண்டும் இனி வேண்டாம். பெரியவர்கள் எழுதிய வரிக்குத் திருத்தம் போட மாட்டோம், பிள்ளையைத்தான் மறுபடி எழுதச் சொல்வோம்.

பிள்ளை நன்றாகப் படிக்கணும் என்ற அக்கறையில்தான் இவ்வளவும் செய்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலை நோட்டோடு வாங்க, ஆங்கில ஆசிரியையும் நானும் பள்ளியில் இருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்