காதில் விழுந்த பெயரும் தாளில் இருந்த பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் குமாஸ்தா ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறுகதையை இரண்டு முறை படித்தேன். 1907-ல் போலந்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி நியூயார்க் வந்து இறங்குகிறான் ஒரு கொல்லன் மகன். குடும்பப் பெயர் கோவல். அவர்கள் மொழியில் அதற்குக் கொல்லன் என்றே பொருள். நாள் முழுக்கப் பெயர் கேட்டுக் களைத்துப்போன குமாஸ்தாவின் காதில் அது 'கோல்' என்று விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறார். ஓர் எழுத்து உதிர்ந்ததில் அந்த வீட்டின் உலைக்களமே அணைந்துபோனது என்று கதாசிரியர் எழுதியிருந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கதையின் நடு ஆணி அந்தக் குமாஸ்தா கேட்டு எழுதும் காட்சி. ஆனால் எல்லிஸ் தீவில் குமாஸ்தா பெயரைக் கேட்டு எழுதவில்லை. பெயர் ஏற்கெனவே அவர் முன்னால் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நான் திருச்சியில் முப்பது வருடமாகப் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறவன். பழைய கப்பல் பட்டியல்களின் படங்கள் இணையத்தில் கிடைக்க ஆரம்பித்த பிறகு, தொழில் ஆசையில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 1893-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, பயணிகளின் பட்டியலைக் கப்பல் கம்பெனிதான் தயாரிக்க வேண்டும். அதுவும் ஆள் ஏறுகிற துறைமுகத்திலேயே. பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கையில் எவ்வளவு பணம், யாரிடம் போகிறான், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேள்வி நீளும். கதை நடக்கிற 1907-ல் அது இருபதைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கத்துக்கு 30 வரி. பட்டியல் சரிதான் என்று கப்பல் தலைவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். திருப்பி அனுப்பப்படுகிற ஆளைக் கம்பெனியே தன் செலவில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால், அங்கே எழுதுகிறவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள்.

தீவில் படகு விட்டு இறங்குகிறவனின் சட்டையில் ஓர் அட்டை குத்தியிருக்கும். பட்டியலில் அவன் எந்தப் பக்கம், எந்த வரி என்ற எண் அதில் இருக்கும். அந்த வரிசைப்படிதான் மாடியில் இருந்த பெரிய கூடத்தில் ஆட்களை நிறுத்துவார்கள். அதிகாரி தாளைப் பார்த்துப் பெயரை வாசிப்பார், ஏற்கெனவே எழுதியிருக்கிற பதில்களோடு இவன் சொல்வது ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பின்னாளில் நியூயார்க் மேயரான லா கார்டியா இளவயதில் அங்கே செய்தது அந்த வேலைதான். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த ஒரே வருடத்தில் அந்தத் தீவு வழியாக வந்தவர்கள் 10 லட்சம் பேருக்கு மேல். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

அப்படியானால் கோவல் எப்படி கோல் ஆனான்? இதைத்தான் கதாசிரியரிடம் சொல்ல நினைத்தேன்.

போலிஷ் மொழியில் அந்தப் பெயரை எழுதும்போது நடுவில் வருவது W என்ற எழுத்து. Kowal. அவர்கள் வாயில் அது 'வ' என்று அழுத்தமாக விழும். கப்பலேறுகிற துறைமுகமான ஹாம்பர்க்கில் பட்டியல் எழுதிய ஜெர்மன்காரருக்கும் அந்த எழுத்து 'வ' தான். அதனால் தாளில் பெயர் பிசகாமல் ஏறியது, பிசகாமல் கடலைத் தாண்டியது. மோசம் போனது அதற்கப்புறம். தொழிற்சாலையில் சம்பளப் பட்டியலை வாசித்த மேஸ்திரிக்கு இங்கிலீஷ் W தான் தெரியும். அவர் உதட்டைக் குவித்து 'கோவ்-அல்' என்று இழுத்திருப்பார், நாளடைவில் அது 'கோல்' என்று தேய்ந்திருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியை அப்படியே Cole என்று எழுதியிருப்பார். வேலை சுலபமாகக் கிடைக்கட்டும் என்று அவனே விரும்பியும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கலாம். பெயரைத் தின்றது கேட்ட காது அல்ல, வாசித்த வாய். நம்மில் அழகப்பன்கள், யாழினிகள் எத்தனை பேர் வடக்கே வேலைக்குப் போய் இதை அனுபவிக்கிறார்கள். zh என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். தாளில் எழுத்து அப்படியே இருக்கிறது. வாசிக்கிறவர் வாயில் வேறு ஆள் பிறந்துவிடுகிறார்.

வாசலிலேயே பெயரை மாற்றியிருந்தால் பின்னால் ஒரு பெரிய சிக்கல் வந்திருக்கும். 1906-ல் வந்த குடியுரிமைச் சட்டப்படி, அதற்குப் பிறகு வந்து இறங்கியவர் குடியுரிமை கேட்டால், எந்தக் கப்பலில், என்றைக்கு, என்ன பெயரில் வந்தார் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அதிகாரிகள் அந்தப் பழைய கப்பல் பட்டியலை எடுத்து, அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, வருகைச் சான்று தர வேண்டும். பட்டியலைப் பார்த்தால் சில பெயர்களின் தலைக்கு மேல் பிற்காலத்து மையில் ஓர் எண்ணும் தேதியும் நெருக்கி எழுதியிருக்கும். வந்து இருபது, முப்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் குடியுரிமைக்காக அந்த வரியைத் தேடி வந்ததற்கான அடையாளம் அது. பெயர் மாற்றத்துக்கும் அதே சட்டத்தில் வழி இருந்தது. குடியுரிமை தருகிற நீதிமன்றமே, கேட்டால், புதுப் பெயருக்கு உத்தரவு போட்டுக் கொடுக்கும். கோவல் முறைப்படி கோல் ஆகியிருந்தால், பெரும்பாலும் அந்த நீதிமன்றத்தில்தான், அவன் வாயாலேயே கேட்டு ஆகியிருப்பான்.

எல்லிஸ் தீவின் பேனா ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதியதற்கு எனக்குத் தெரிந்து ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அது காதுப் பிழையே அல்ல. 1908 அக்டோபரில் 'நியூயார்க்' என்ற கப்பலில் ஃபிராங்க் உட்ஹல் என்பவர் வந்தார். கனடாவில் மேரி ஜான்சன் என்ற பெண்ணாகப் பிறந்து, பதினைந்து வருடமாக ஆண் உடையில், ஆண் பெயரில், ஆண்களின் வேலை பார்த்து வாழ்ந்தவர். மருத்துவச் சோதனைக்கு நிறுத்தியபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. விசாரித்துவிட்டு உள்ளே விட்டார்கள். ஆனால் பட்டியலில் ஃபிராங்க் உட்ஹல் என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேரி ஜான்சன் என்று எழுதினார்கள். மற்றவர்களுக்குப் புதுப் பெயர் கொடுத்ததாகக் கதை கட்டப்பட்ட இடம், தானே புதுப் பெயர் தேடிக்கொண்ட ஒருவருக்குப் பழைய பெயரைத் திருப்பி மாட்டியது. அந்தக் கோட்டைப் பற்றி யாராவது ஒரு கதை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லிஸ் தீவில் அன்றைக்கு நடக்காத அந்தப் பெயர் மாற்றம் இன்றைக்கு விசாத் தாளில் நடக்கிறது. அதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அக்கா மகன் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போனான். பாஸ்போர்ட்டை வேறொரு ஊரில் வேறு யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான். அதனால் அவன் பெயர் முழுவதையும் Given Name கட்டத்தில் போட்டு, Surname கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்க முடியாது. ஆகவே இருந்த ஒரே பெயரை அங்கே தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் FNU என்று அச்சாகி வந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அங்கே போனதும் பல்கலைக்கழக அட்டையில் FNU, வங்கி அட்டையில் FNU. வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தவர் "ஃப்னூ" என்று கூப்பிட்டிருக்கிறார். முதல் நாள் போனில் அவன், "மாமா, என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. யாரும் எதையும் தவறாகக் கேட்கவில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அங்கிருந்தே பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து, ஒவ்வோர் அட்டையாக மாற்றி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அன்றிலிருந்து என்னிடம் வருகிற யாருக்கும் அந்தக் கட்டத்தை நான் காலியாக விடுவதில்லை. அப்பா பெயர் வேண்டாம் என்றால் தன் பெயரையே இரண்டாகப் பிரித்துப் போடலாமா என்று உட்கார்த்தி வைத்துக் கேட்கிறேன்.

கதாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்பாக வரும்போது கதையை மாற்றச் சொல்லவில்லை, குமாஸ்தாவை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். அவரை ஹாம்பர்க் டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தால், அங்கே எழுதத் தெரியாத கிராமத்தான் சொல்லச் சொல்ல எழுதுகிற காட்சி உண்மையாகவே நடக்கக்கூடியது. இல்லையென்றால் சம்பளம் வாங்குகிற ஜன்னலில் உட்கார வையுங்கள்.

கதையின் கடைசியில் கோவலின் பேரன் தீவுக்குப் போய், கணினியில் 'கோல்' என்று தட்டித் தேடி, தாத்தாவைக் காணாமல் திரும்புகிறான் அல்லவா? அவன் முதலில் தேட வேண்டியது தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பத்தை. வந்த கப்பல், வந்த தேதி, வந்தபோது இருந்த பெயர் மூன்றும் அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தால், முப்பது வரிகளில் ஏதோ ஒன்றில், ஹாம்பர்க் குமாஸ்தாவின் கையெழுத்தில், W-வோடு, Kowal என்றே தாத்தா இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.