பெயர் நீக்கக் கேட்டு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்று உங்கள் கவுண்டருக்கு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குத் துணை இறந்திருக்கும். இன்னொருவருக்குத் துணை பிரிந்து போயிருக்கும். இருவருக்கும் ஒரே படிவம்தான் நீட்டப்படுகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

இறப்பு என்றால் வழி ஓரளவு நேரானது. கணக்கு "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையில் இருந்தால், இறப்புச் சான்றிதழின் அசலும் நகலும், இருப்பவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், விண்ணப்பம், பாஸ்புக், இறந்தவரின் ஏ.டி.எம். கார்டு, மீதமுள்ள செக் தாள்கள் ஆகியவை பொதுவாகப் போதும். அங்கே வாரிசு சான்றிதழ் கேட்பது பெரும்பாலும் தேவையில்லாத அலைச்சல். இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கென்றால்தான் இறந்தவரின் வாரிசுகள் உள்ளே வருகிறார்கள். சான்றிதழில் ஓர் இனிஷியல், கணக்கில் வேறொன்று என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நாலாவது தடவை வரும்போது கேட்காதீர்கள்.

இந்த மடலை எழுத வைத்தது இரண்டாவது வகை. பிரிந்தவர்கள் விஷயத்தில் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், பணம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. ஒருவர் சொல்லி இன்னொருவர் பெயரை எடுக்க முடியாது, அவருடைய கையெழுத்தும் வேண்டும். இதில் வங்கியைக் குறை சொல்லவே மாட்டேன். அதை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

எனக்கு நெருங்கிய ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. கணவரோடு சேர்ந்த கணக்கு, யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம் என்ற முறை. அந்தப் பெண்ணின் சம்பளம் அதில்தான் விழும், வீட்டுக் கடன் தவணையும் அதிலிருந்துதான் போகும். பிரிந்த உடனே கிளைக்குப் போனார். "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்கம்மா, பார்க்கலாம்" என்றார்கள். வழக்கு முடியும்வரை காத்திருந்தார். அதற்குள், சம்பளம் விழுந்த அன்றே மொபைல் ஆப் வழியாகக் கணவர் எடுத்துவிடுவது வழக்கமாகிப் போனது. கடைசியில் தீர்ப்பு நகலோடு போனபோது, "இதில் இந்தக் கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். அதுவும் சரியான பதில்தான். விவாகரத்து திருமணத்தை முடிக்கிறது. கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, பணம் யாருக்கு என்று தீர்ப்பில் எழுதியிருந்தால்தான் வங்கி அதைக் கையில் எடுக்க முடியும். வக்கீலிடம் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதைவிட முக்கியமானது ஒன்று அவருக்குச் சொல்லப்படவே இல்லை. பெயரை நீக்கத்தான் இரண்டு கையெழுத்து வேண்டும். "தனியாக எடுக்கலாம்" என்ற அனுமதியை ரத்து செய்ய, பெரும்பாலான வங்கிகளில் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும். அந்தக் கடிதம் பதிவானதும் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். ஏ.டி.எம். கார்டும் ஆப்பும் அதோடு நிற்க வேண்டும். பெயர் அப்படியே இருக்கும், பணம் பத்திரமாக இருக்கும்.

ஆனால் வரிசை மாறக் கூடாது, இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் தன் பெயரில் தனிக் கணக்கு. அடுத்து சம்பளத்தை அங்கே மாற்றுவது. பிறகு தவணைப் பிடித்தத்தை மாற்றுவது. கடிதம் அதற்குப் பிறகு. பழைய கணக்கை முதலில் முடக்கினால் தவணை திரும்பும், கடனில் கையெழுத்திட்ட இருவரின் கடன் வரலாற்றுப் பதிவிலும் அது கறையாக நிற்கும். பணம் உடனே பறிபோகும் ஆபத்து இருந்தால் மட்டும் கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அந்த மாதத் தவணையை நேரில் கட்டச் சொல்லுங்கள். ஓ.டி.பி. போகும் மொபைல் எண் யாருடையது என்பதையும் பாருங்கள். அந்தப் பெண்ணின் கணக்கில் அது கணவருடைய எண்ணாகவே இருந்தது.

கணக்கிலிருந்து பெயர் போனாலும் கடனிலிருந்து போகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடனிலிருந்து ஒருவரை விடுவிக்க, மற்றவரின் வருமானம் மட்டும் போதுமா என்று வங்கி புதிதாக மதிப்பிட்டாக வேண்டும். அது தனி விண்ணப்பம்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இறப்புக்கு ஒரு தாள், பிரிவுக்கு ஒரு தாள் அச்சடித்து கவுண்டரில் வையுங்கள். பிரிவுக்கான தாளில், அனுமதியை ரத்து செய்யும் கடிதத்தின் மாதிரியை முதலில் போடுங்கள். யார் அதைக் கொடுத்தாலும் தேதியோடு முத்திரையிட்டு ஒரு நகலைத் திருப்பிக் கொடுங்கள், மற்றவருக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்