ஓட்டோக்காரப் பையனிடம் எதைக் கேட்பது

மச்சான்,

உன் மெயில் வந்து நாலு நாளாகிறது. வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை வெட்டில் நின்றேன், அங்கே சிக்னல் சரியில்லை. வெட்டு முடிந்தது, நெல் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

'மட்டக்களப்பில் இளைஞர் வேலையின்மைக்கான காரணங்கள்' என்ற உன் ஆய்வுத் தலைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். அனுப்பத்தான் செய்வார்கள். ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வயது, நம் தேசிய இளைஞர் கொள்கையில் 29 வரை. வாழைச்சேனையில் கடலுக்குப் போகிற 17 வயதுப் பையனும், பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கிற 28 வயதுப் பிள்ளையும் உன் தலைப்புக்குள் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். 'காரணங்கள்' என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும், அதை யாரும் மறுக்கப்போவதில்லை, அப்புறம் நீ எதை நிறுவப் போகிறாய்?

ஓட்டோ ஓட்டுகிற பையன்களைப் பற்றிக் கடைசியில் ரெண்டு வரி எழுதியிருந்தாயே, கேள்வி அங்கேதான் கிடக்கிறது. இப்படி வைத்துப் பார்: கல்லடியில் உயர்தரம் எழுதிவிட்டு ஓட்டோ ஓட்டுகிற 20 முதல் 29 வயதுப் பையன்கள் அதிலேயே நிற்பது, அரச வேலை வரும்வரைதானே என்ற நினைப்பிலா, ஓட்டோவுக்கு எடுத்த லீசிங் கட்டி முடியாததாலா? ரெண்டு பக்கமும் வாதாடலாம். சோதிக்கவும் வழி உண்டு. அரச வேலைதான் காரணம் என்றால் கடந்த ஒரு வருடத்தில் வந்த கெசட்டைப் பார்த்து விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். லீசிங்தான் என்றால், கட்டி முடித்தவனும் தகப்பனின் ஓட்டோவை ஓட்டுகிறவனும் வேறு மாதிரிப் பேச வேண்டும். அதனால் லீசிங் கட்டுகிறவன், முடித்தவன், கட்டவே தேவையில்லாதவன் என்று மூன்று விதமான ஆட்களையும் தேடு. எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினால் லீசிங் கதை அடிபட்டுப்போகும். ஆனால் நீயாக முதலில் லீசிங் என்ற சொல்லை எடுக்காதே, எடுத்தால் அவன் அதையேதான் சொல்வான். 'எப்படி இதுக்கு வந்தாய்?' என்று தொடங்கு. தலைக்கு மேல் முதலாளி இல்லாதது பிடித்திருக்கிறது என்று ஒருவன் சொன்னால், உன் ரெண்டு பதிலுக்கும் வெளியே மூன்றாவது ஒன்று இருக்கிறது.

தரிப்பிடத்தில் நிற்கிறவர்களை மட்டும் கேட்டால் விட்டுப்போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஓட்டோவை விற்றுவிட்டுப் போன நாலைந்து பேரையாவது பிடி. மூன்று மாதத்தில் ஒரு 15 பேரிடம் ஆறுதலாகப் பேசலாம், ஆனால் அதை வைத்து 'எத்தனை வீதம்' என்று எழுத முடியாது, அந்தச் சொல்லைக் கேள்விக்குள் விடாதே.

என் கதை தெரியும்தானே. பையன்கள் ஏன் கட்டாருக்குப் போகிறார்கள் என்று கேட்கக் கிளம்பினேன், போனவன் எல்லாம் அங்கே, எனக்குக் கிடைத்தது அவர்களுடைய அம்மாமார்தான். முடிவில் தாய்மாரின் கவலை பற்றி ஒரு ஆய்வு வந்தது, தலைப்பை மாற்ற ஒரு மாதம் போனது.

வெள்ளிக்கிழமைக்குள் ரெண்டு பேரிடம் பேசிப் பார். எந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள் என்பதையும் எழுது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.