கண்ணைச் சுற்றித் தடவினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால் குழந்தையின் கண்ணில் நீர் வடிந்து பீளை கட்டினால் 'கண்ணைச் சுற்றி மெதுவாகத் தடவிவிடலாம்' என்ற ஒரே வரியோடு அதில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. கண் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு தாய் என்ன செய்வாள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. இமையின் மேல் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பாள். அதனால் பயன் எதுவும் இல்லை, கண்தான் சிவக்கும்.

கண்ணில் ஊறும் நீர், மேல் இமையிலும் கீழ் இமையிலும் மூக்கோரமாக உள்ள இரண்டு நுண்ணிய துளைகள் வழியே கண்ணீர்ப் பைக்குள் இறங்கி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்கின் உட்புறத்தை அடைகிறது. அழும்போது நமக்கு மூக்கு ஒழுகுவது இதனால்தான். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாயின் கீழ்வாயில் உள்ள மெல்லிய சவ்வு, பிறக்கும்போது திறக்காமல் இருந்துவிடுகிறது. பிறந்த சில நாட்களுக்குக் கண்ணீர் குறைவாகவே சுரப்பதால், பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் வீட்டார் இதைக் கவனிக்கிறார்கள். கண் எந்நேரமும் ததும்பி நிற்கும், தூங்கி எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் வெண்விழி சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கும். இந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியமானது. இப்படிப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயது நிறைவதற்குள் சவ்வு தானாகவே திறந்துகொள்கிறது.

அதற்குக் கைகொடுக்கும் மசாஜ் முறையை 1923ஆம் ஆண்டில் கிரிக்லர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் கண் மருத்துவர்கள் கற்றுக்கொடுப்பது அதைத்தான். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். கண்ணின் உள்முனைக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவே, எலும்பின் விளிம்பை ஒட்டிய சிறு பள்ளத்தில் ஆள்காட்டி விரலின் நுனிச் சதையை வைக்க வேண்டும். கண்ணீர்ப் பை இருப்பது அங்கேதான். அந்த இடத்தில் உள்நோக்கி அழுத்தி, அழுத்தத்தை விடாமலேயே மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழுக்க வேண்டும். தோலின் மேல் வெறுமனே விரல் வழுக்கிச் சென்றால் போதாது; பையில் தேங்கிய நீர் கீழே தள்ளப்பட்டு, அந்த அழுத்தத்தில் சவ்வு திறக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காகக் குழந்தை வலியால் வீரிடும் அளவுக்கு அழுத்தவும் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். பால் குடித்துக்கொண்டிருக்கும் நேரம் வசதியானது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று பாட்டிமார் நீவிவிடுவது வேறு. அதை இதற்கு ஈடாகக் கருத வேண்டாம்.

ஐந்து வாரக் குழந்தை ஒன்றை எங்கள் புறநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். வலக்கண்ணில் மட்டும் நீர், காலையில் மஞ்சள் பீளை, வெண்விழி தெளிவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் போடும்போது பீளை குறைவதும், நிறுத்தினால் திரும்பி வருவதுமாக இருந்தது. மசாஜும் செய்கிறோம் என்றார் தாய். செய்துகாட்டச் சொன்னபோது, அவர் விரல் கீழ் இமையின் நடுவில் ஓடியது. மருத்துவர் அந்த விரலைப் பிடித்து மூக்கோரப் பள்ளத்தில் வைத்து அழுத்தச் செய்ததும், கீழ் இமையின் சிறு துளை வழியாகக் கோழை போன்ற வெண்மஞ்சள் திரவம் ஒரு துளி மேலே வந்தது. விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று, பயப்பட வேண்டியதில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் உள்முனையிலிருந்து வெளிமுனை நோக்கி ஒரே வீச்சாக அதைத் துடைத்துவிட்டு, அந்தப் பஞ்சை எறிந்துவிடச் சொன்னார். அடுத்த துடைப்புக்குப் புதுப் பஞ்சு. சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், ஏனெனில் அது பீளையில் உள்ள கிருமியைக் குறைக்குமே தவிர அடைப்பைத் திறக்காது. இடையில் சளி பிடித்தபோதெல்லாம் கண் மறுபடி வடிந்தாலும், ஒன்பதாம் மாதத்தில் முற்றிலும் நின்றுபோயிற்று.

பீளை பச்சை நிறமாகி மிகுந்தால் மருத்துவர் சில நாட்களுக்குச் சொட்டு மருந்து எழுதித் தருவதுண்டு. அப்போது முதலில் மசாஜ், பிறகு துடைப்பு, கடைசியாக மருந்து என்ற வரிசையில் செய்தால்தான் மருந்து கண்ணில் தங்கும். பழைய சீட்டைக் காட்டி வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணழுத்தமே உயரக்கூடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கண்மை எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

இனி, தொற்று என்று எப்போது கொள்வது? வெண்விழி சிவந்து, இமை வீங்கி, துடைத்த சில நிமிடங்களிலேயே சீழ் மீண்டும் நிறைந்தால் அது வெறும் அடைப்பு அல்ல. அதிலும் பிறந்த முதல் மாதத்துக்குள் இப்படி நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா என்ற பால்வினை நோய்க் கிருமி பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வெளிப்பட்டு, மிகக் குறுகிய காலத்தில் கருவிழியைத் துளைத்துவிட வல்லது. கிளமிடியா என்ற மற்றொரு பால்வினைத் தொற்று சற்றுத் தாமதமாக, ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தலைகாட்டும். அது நுரையீரலையும் பாதிக்கக்கூடும். இரண்டுக்கும் சொட்டு மருந்து மட்டும் போதாது, தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பதால் குழந்தையின் பார்வைதான் போகும்.

கண்ணீர்ப் பை இருக்கும் இடத்திலேயே சிவந்து, சூடாக, தொட்டால் குழந்தை அழும்படியான வீக்கம் எழுந்தால் பைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். காய்ச்சலும் சேரலாம். அந்த நிலையில் மசாஜ் கூடவே கூடாது. ஊசி வழியாக மருந்து செலுத்த வேண்டியிருக்கும். பிறந்தபோதே அங்கே நீலம் பாரித்த சிறு கட்டி தெரிந்தாலும் உடனே காட்டுங்கள், ஏனெனில் அது மூக்கினுள் நீண்டு மூச்சை அடைக்கக்கூடும்.

பீளை அதிகம் இல்லாமல் நீர் மட்டும் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டதும் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டால், அல்லது கருவிழி பெரிதாகவும் மங்கலாகவும் தெரிந்தால், அது பிறவிக் கண்ணழுத்த நோயாக இருக்கலாம். அதை அடைப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் மசாஜ் செய்துகொண்டிருந்து பார்வையை இழந்துவிடக் கூடாது.

ஒரு வயது கடந்தும் நீர் நிற்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்தித் திறந்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடியும் வேலை. பெரும்பாலோருக்கு ஒரே முறையில் சரியாகிவிடும்.

அடுத்த இதழில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோட்டோவியம் ஒன்றை வெளியிட்டு, கட்டுரையின் அந்த வரியையும் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்