என் மொழிபெயர்ப்பாளர் ரெசுமேயில் நீங்கள் செய்த மாற்றங்கள் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ரெசுமே எழுதித் தரும் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக வேலை செய்கிறேன். ஆறு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் மொழிபெயர்ப்பும் செய்து வருகிறேன். முழுநேரமாக அதற்கே போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் 280 ரிங்கிட் கட்டி, என் ரெசுமேயைத் திருத்தித் தரும்படி உங்களிடம் கேட்டேன். பழைய ரெசுமேயோடு, செய்த வேலைகளைக் குறித்து வைத்திருக்கும் எக்செல் கோப்பையும் அனுப்பினேன். நீங்கள் திருப்பித் தந்தது பார்வைக்கு அழகாக இருந்தது. முதல் பக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு கோலாலம்பூரில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரண்டு பக்கத்தையும் படிக்காமல் அனுப்பியது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருந்த பிழைகள் உங்களுடையவை.

முதலில் மொழி இணை. நான் எழுதியது EN>TA, MS>TA என்று இரண்டே வரி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, மலாயிலிருந்து தமிழுக்கு என்று அதற்குப் பொருள். நீங்கள் அதை EN<>TA, MS<>TA, EN<>MS என்று மாற்றியிருக்கிறீர்கள். ஒரு குறி கூடினால் என்ன என்று உங்கள் எழுத்தாளர் நினைத்திருக்கலாம். இந்தத் தொழிலில் அந்தக் குறிதான் நான் எந்தத் திசையில் வேலை செய்வேன் என்று சொல்கிறது. பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்ப்பார்கள். நானும் அப்படித்தான். என் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளப் போதும், நீதிமன்றத்துக்குப் போகிற தாளை ஆங்கிலத்தில் எழுத அது போதாது. அந்த நிறுவனம் எனக்குத் தேர்வாக அனுப்பியதோ தமிழில் இருந்த ஒரு சத்தியப் பிரமாணத்தை ஆங்கிலத்தில் தரச் சொல்லித்தான். என்னால் முடியாது என்று எழுதியபோது, "அப்படியானால் ரெசுமேயில் ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது, மொழிபெயர்த்த சொற்களின் கணக்கு. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ட்ராடோஸ் போன்ற மென்பொருளில் வேலை செய்யும்போது, முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்கள் நினைவகத்தில் சேர்ந்திருக்கும். புதிய கோப்பு வந்தால், அதில் எவ்வளவு புதியது, எவ்வளவு அப்படியே திரும்பி வருவது, எவ்வளவு பாதி ஒத்துப்போவது என்று மென்பொருளே பிரித்துக் காட்டும். உதாரணமாக, போன வருடம் செய்த ஒரு களைக்கொல்லிப் பாதுகாப்புக் கையேடு 12,400 சொல். அதில் புதியவை 5,200, அப்படியே திரும்பி வந்தவை 5,200, பாதி ஒத்தவை 2,000. திரும்பி வருவதற்குக் கால் பங்கும், பாதி ஒத்ததற்கு 60 விழுக்காடும் தருவதாக அந்த வாடிக்கையாளரோடு பேச்சு. அப்படிக் கணக்கிட்டால் 5,200, 1,300, 1,200 சேர்ந்து 7,700 சொல்லுக்குக் கூலி. ஆக, ஒரே வேலைக்கு என் கோப்பில் மூன்று எண் இருக்கிறது: மொத்தம் 12,400, புதியது 5,200, கூலிக்கு 7,700. ஒரே துணியை மூன்று விதமாக அளப்பது மாதிரி.

உங்கள் எழுத்தாளர் இந்த மூன்று நெடுவரிசைகளையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார். ஆறு வருடத்தில் மொத்தம் 620,000, புதியது 290,000, கூலிக்கு 410,000. இவற்றைக் கூட்டி "1,320,000 சொற்கள் மொழிபெயர்த்தவர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். நான் பழைய ரெசுமேயில் எழுதியிருந்த வரி இது: "மூலமொழிச் சொல் கணக்கில் 620,000, அதில் புதியவை 290,000." மூலமொழி என்று நான் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக இருப்பது தமிழில் வேற்றுமை உருபு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். தமிழ்ப் பக்கம் எண்ணினால் எண்ணிக்கை குறையும், அதனால் எந்தப் பக்கம் எண்ணியது என்று சொல்லாத எண்ணை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அந்தச் சொல்லையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

பெரிய எண் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் திட்ட மேலாளர் அம்மா தொலைபேசியிலேயே வகுத்துப் பார்த்தார். வார இறுதியில் மட்டும் வேலை என்றும் அதே ரெசுமேயில் இருக்கிறது. வருடத்துக்கு 104 நாள், ஆறு வருடத்துக்கு 624 நாள். உங்கள் எண்ணை வகுத்தால் நாளுக்கு 2,100-க்கு மேல் வருகிறது. முழுநேர மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் செய்கிற அளவு அது. அதைத் தீபாவளி, தைப்பூசம், காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு சனி ஞாயிறுகூட விடாமல் செய்திருக்க வேண்டும். என் உண்மையான எண்ணை வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1,000. அதை அவர் நம்பியிருப்பார். "இந்த ஒரு எண் பொய்யானால் மற்றதை எப்படி நம்புவது?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

துறைகளையும் இதேபோல் பெருக்கியிருக்கிறீர்கள். நான் எழுதியது தோட்ட வேலைப் பாதுகாப்பு, அதிலும் குறிப்பாக 16 பிரிவுள்ள இரசாயனப் பாதுகாப்புத் தரவுத் தாள்கள், போத்தல் லேபிள்கள், மருந்து அடிக்கும் அக்காமாருக்கான விளக்கத் தாள்கள். நீங்கள் அதை "வேளாண்மை, மருத்துவம், சட்டம், நிதி" என்று ஆக்கிவிட்டீர்கள். மருந்து நாசியில் ஏறினால் என்ன முதலுதவி என்று எழுதத் தெரிந்தவருக்கு அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவம் எழுதத் தெரியும் என்று அர்த்தமில்லை. தோட்டத்துப் பாதுகாப்புக் கூட்டங்களில் அதிகாரி பேசி நிறுத்திய பிறகு நான் தமிழில் சொல்வதையும், கூண்டுக்குள் உட்கார்ந்து கூடவே பேசுகிற மாநாட்டு மொழிபெயர்ப்பாக மாற்றியிருக்கிறீர்கள். அந்தக் கூண்டை நான் பார்த்ததுகூட இல்லை.

கடைசியாக, வாடிக்கையாளர் பெயர்கள். நான் வேண்டுமென்றேதான் "களைக்கொல்லி தயாரிக்கும் நிறுவனம்", "தொழிலாளர் பயிற்சி மையம்" என்று வகையை மட்டும் எழுதினேன். அவர்களோடு இரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். உங்கள் எழுத்தாளர் எக்செல் கோப்பில் இருந்த கோப்புப் பெயர்களைப் பார்த்து மூன்று நிறுவனங்களின் பெயரையும் எடுத்துப் போட்டுவிட்டார். அவற்றில் ஒன்று, நான் விண்ணப்பித்த அதே நிறுவனத்துக்கும் வேலை கொடுக்கிறது. செய்தி அங்கே போய், அவர்கள் எனக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு வருடமாக எனக்கு வேலை தருகிறவர்கள். அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே கேட்கிறேன். 280 ரிங்கிட்டையும் திருப்பித் தாருங்கள். வாடிக்கையாளர் பெயர்களை நான் தரவில்லை, உங்கள் எழுத்தாளர் சேர்த்தார் என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், அதை அந்த வாடிக்கையாளருக்கு நான் காட்ட வேண்டும். என் எக்செல் கோப்பின் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். அந்த ரெசுமேயை உங்கள் விளம்பரத்தில் மாதிரியாகப் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை. புதிதாக எழுதித் தர வேண்டாம், என் பழைய இரண்டு வரியே எனக்குப் போதும்.

14 நாளில் பதில் வராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். நான் அனுப்பிய பழைய ரெசுமே, நீங்கள் தந்தது, பணம் கட்டிய ரசீது மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மாறிய வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்