சென்சார் தொட்டிக்கு டெண்டர் விடும் முன்: திடக்கழிவுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி திடக்கழிவுப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். தெருத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சென்சார் பொருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று மனசில் ஓடிக்கொண்டிருந்தது. குப்பை லாரிகளுக்கு வழித்தடம் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இரண்டு இடங்களில் இந்தச் சென்சார்களை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் நன்றாகவே பலன் கிடைத்தது, இன்னோரிடத்தில் லாரி முன்பு ஓடிய அளவே ஓடியது. இரண்டு இடத்திலும் ஒரே கருவிதான், தொட்டிகள்தான் வேறு.

உங்களிடம் விற்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் சொல்வார்கள்: "உங்கள் லாரி எடுக்கும்போது தொட்டிகள் சராசரியாக 60 சதவீதம்தான் நிரம்பியிருக்கின்றன, அதனால் 40 சதவீத ஓட்டம் வீண்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரிக்கு 1,100 லிட்டர் தொட்டிகள் 60 என்று வைத்துக்கொள்வோம், தினமும் எல்லாவற்றையும் எடுக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நாளில் 60 சதவீதம் நிரம்புகிறது. அதாவது தினசரி 36 முழுத் தொட்டி அளவு குப்பை. கம்பாக்டர் லாரி அமுக்கி ஏற்றும்போது ஒரு லோடில் சரியாக அவ்வளவுதான் கொள்ளும் என்றும் வைப்போம். இப்போது சென்சார் வைத்தால் எதை விட்டுவிட்டுப் போகலாம்? எதையும் விட முடியாது. இன்று எடுக்காத தொட்டி நாளைக்கு 120 சதவீதம், அந்த 20 தெருவில் கிடக்கும். கிடங்குக்குப் போகும் டிரிப்பும் குறையாது, ஏனென்றால் குப்பையின் மொத்த அளவு அதேதான். 40 சதவீதம் மிச்சம் என்று சொன்னது இங்கே சுத்தமாகப் பூஜ்யம்.

சரி, நாளுக்கு 30 சதவீதம்தான் நிரம்புகிறது என்றால்? அப்போது தினசரி ஓடும் லாரி பாதி லோடோடு கிடங்குக்குப் போய் வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் முழு லோடோடு போகும், டிரிப் பாதியாகிவிடும். அருமையான மிச்சம், ஆனால் இதற்குச் சென்சார் எதற்கு? அட்டவணையைத் திருத்தினாலே போதும். நான் பார்த்த வரையில், சென்சாரால் கிடைத்ததாகச் சொல்லப்படும் மிச்சத்தில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்: பல வருடமாக யாரும் தொடாத அட்டவணையை, சென்சார் வந்த சாக்கில் முதல் தடவையாகத் திருத்தியிருப்பார்கள். அதனால் சென்சாரின் பலனை இப்போதைய அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள், திருத்திய அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அப்படி ஒப்பிட்ட பிறகும் சென்சார் ஜெயிக்கும் தொட்டிகள் உண்டு. ஒரே தொட்டி ஒரு தடவை 5 நாளில் நிரம்புகிறது, அடுத்த தடவை 15 நாள் ஆகிறது, சராசரி 10 நாள் என்று இருந்தால், சென்சார் இல்லாத அட்டவணை வழியாமல் இருக்க 5 நாளுக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். வருடத்துக்கு 73 நடை. சென்சார் 80 சதவீதத்தில் கூப்பிடும் என்றால் சராசரியாக 8 நாளுக்கு ஒருமுறை, வருடத்துக்கு 45 நடை போதும். ஒரு தொட்டிக்கே 28 நடை மிச்சம். இன்னொரு தொட்டிக்கும் சராசரி 10 நாள்தான், ஆனால் எப்போதும் 9-லிருந்து 11 நாளுக்குள் நிரம்பிவிடும் என்று வையுங்கள். அட்டவணைப்படி 9 நாளுக்கு ஒருமுறை போனால் 40 நடை. சென்சார் வைத்து 80 சதவீதத்தில் எடுத்தால் 45 நடை! காசு கொடுத்து நடையைக் கூட்டிக்கொள்கிறோம். ஆக, ஒரு தொட்டி சராசரியாக எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை, அது நிரம்பும் வேகம் தடவைக்குத் தடவை எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி, பழைய துணி, காகிதம் போடும் தனித் தொட்டிகள், பூங்கா, கடற்கரை, ஊருக்கு வெளியே சாலையோரம் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் இப்படி மாறும் ரகம். வீட்டுக் குப்பை சேரும் தெருத் தொட்டி அப்படி மாறுவது குறைவு. அதே வீடுகள், அதே ஆட்கள், வாரத்தில் எந்த நாள் கூடும் என்பது எடுக்கிறவருக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

ஈரக் குப்பைத் தொட்டியை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வெயில் காலத்தில் சோறும் காய்கறிக் கழிவும் மறுநாளே நாறத் தொடங்கும், ஈ முட்டையிடும். தொட்டி கால்வாசிதான் இருக்கிறது என்று சென்சார் சொல்வதால் அதை விட்டுவைக்க முடியாது, எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி, நிறுத்தமும் தூரமும் ஒன்றல்ல. லாரி போகிற வழியிலேயே இருக்கும் தொட்டியைத் தாண்டிப் போனால் தூக்கிக் கொட்டும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும்தான் மிச்சம், டீசல் செலவு கிட்டத்தட்ட அதேதான். தூரம் குறைய வேண்டுமென்றால் ஒரு கிளைச் சாலைக்கே போகாமல் இருக்க வேண்டும். அந்தக் கிளையில் ஐந்து தொட்டி இருக்கிறது, எந்த நாளிலும் ஒவ்வொன்றும் எடுக்கும் நிலையில் இருக்க 30 சதவீத வாய்ப்பு என்றால், ஐந்தும் ஒரே நாளில் 'வேண்டாம்' என்று சொல்ல 17 சதவீத வாய்ப்புதான் (0.7-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள்). நூற்றில் 83 நாள் லாரி உள்ளே போய்த்தான் வர வேண்டும். அதே கிளையின் கோடியில் ஒரே ஒரு தொட்டி இருந்தால் நூற்றில் 70 நாள் போகவே வேண்டாம். எனக்குப் பலன் கொடுத்த இடம் அப்படிப்பட்டதுதான், ஒற்றை ஒற்றையாகத் தள்ளித் தள்ளி நின்ற கண்ணாடித் தொட்டிகள்.

விற்க வருபவர்கள் பிலடெல்ஃபியாவை உதாரணம் காட்டக்கூடும். அமெரிக்காவின் அந்த நகரம் 2009-ல் நகர மையத்தில் கம்பிக்கூடைகளை மாற்றிப் புதுத் தொட்டிகள் வைத்து, வாரத்துக்கு 17 தடவை எடுத்ததை 5 தடவையாகக் குறைக்கத் திட்டம் போட்டது. அவை சூரிய மின்சாரத்தில் குப்பையை உள்ளேயே அமுக்கும் தொட்டிகள். அளவைத் தெரிவிக்கும் வசதியும் அவற்றில் இருந்தது, ஆனால் அமுக்குவதால் ஒரு தொட்டியில் பல மடங்கு குப்பை அடங்கியதுதான் அந்தத் திட்டத்துக்கு முதல் ஆதாரம். மூடியில் சென்சார் ஒட்டுவதால் தொட்டி பெரிதாகாது. அந்த எண்ணை இதற்குக் காட்டினால் ஏற்காதீர்கள்.

இனி கருவியைப் பற்றி. மூடியின் உட்பக்கம் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து தூரத்தைச் சொல்கிறது. அதற்குத் தெரிவது தனக்கு நேர் கீழே முதலில் தட்டுப்படும் பொருள் மட்டும்தான். ஒருநாள் காலை 95 சதவீதம் என்று காட்டிய தொட்டிக்கு லாரியைத் திருப்பி அனுப்பி, நானும் கூடவே போனேன். மூடியைத் திறந்தால், டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்று நட்டுவைத்தது போல நிற்கிறது, அதன் விளிம்பு சென்சாரைத் தொடாத குறை. பெட்டியைச் சாய்த்தால் கீழே பாதிகூட இல்லை. தூய்மைப் பணியாளர் ஒன்றும் சொல்லாமல் அதை மிதித்து மடித்து உள்ளே போட்டார். அடுத்த கணக்கில் 45 சதவீதம் என்று வந்தது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மூடி திறந்தே கிடந்தால் ஒலி திரும்பி வராது, சில கருவிகள் அதைக் காலி என்று எடுத்துக்கொள்ளும், வெளியே குப்பை சரிந்து கிடக்கும். குப்பை சென்சாரை ஒட்டி ஏறிவிட்டாலும் தப்பாகக் காட்டும், ஏனென்றால் பல கருவிகளால் முகத்துக்கு அருகே 20 சென்டிமீட்டர் வரை அளக்கவே முடியாது.

இந்தத் தப்புகளை, தொட்டியின் அளவு நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோட்டு வரைபடத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒழுங்காக நிரம்பும் தொட்டியின் கோடு படிப்படியாக ஏறி, லாரி வந்த நேரத்தில் செங்குத்தாக விழும். ஒரு மணி நேரத்தில் 30-லிருந்து 95-க்குத் தாவி இரண்டு நாள் அப்படியே ஆடாமல் நின்றால் அது பெட்டி, இல்லையென்றால் சென்சார் மேல் ஒட்டிய பை. லாரியின் ஜிபிஎஸ் அந்தப் பக்கமே போகாத நேரத்தில் கோடு விழுந்தால் மூடியைப் போய்ப் பாருங்கள். கோடே வரவில்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், இரும்புத் தொட்டிக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வராமலும் இருக்கலாம். பேசாத தொட்டியைக் காலி என்று எடுத்துக்கொள்ளாமல் பழைய அட்டவணைப்படி போய் எடுக்க வேண்டும். இந்த விதி மென்பொருளில் இருக்கிறதா என்று டெண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே 80 சதவீத எல்லை என்பதையும் ஏற்காதீர்கள். லாரி அடுத்து எப்போது அங்கே போக முடியுமோ அதற்குள் வழியுமா என்பதுதான் கேள்வி. நாளுக்கு 5 சதவீதம் ஏறும் தொட்டி 80-ல் இருந்தால் இன்னும் மூன்று நாள் தாராளமாக விடலாம், நாளுக்கு 40 ஏறும் தொட்டியை 65-லேயே எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். லாரிக்கு நாள் வாடகை, ஆட்களுக்கு நாள் கூலி என்றே தொடர்ந்தால் நடை குறைந்தாலும் உங்கள் பில் குறையாது. மிச்சமாகும் லாரியையும் நேரத்தையும் எந்த வேலைக்குத் திருப்பப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. ஆறு வாரம், ஒவ்வொரு தொட்டியையும் தூக்கும் முன் கால், அரை, முக்கால், முழுசு, வழிகிறது என்று ஐந்தில் ஒன்றை லாரியில் போகும் பணியாளர் தாளில் டிக் செய்யட்டும், அந்தக் கூடுதல் வேலைக்கு அவருக்குக் கூலி சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாள்களை வைத்து முதலில் அட்டவணையைத் திருத்துங்கள். அதற்குப் பிறகும் எந்தத் தொட்டிகள் கணிப்புக்கு அடங்காமல் ஆடுகின்றனவோ, அவற்றில் எவை தள்ளி ஒதுங்கி நிற்கின்றனவோ, அவற்றுக்கு மட்டும் சென்சார் வாங்குங்கள். தாள்களை டெண்டருக்கு முன் பொதுவில் வையுங்கள், கூட்டிக் கழித்துப் பார்க்க நானும் வருகிறேன், விடியற்காலை லாரியில் ஏறி டிக் போட ஆள் குறைந்தால் அதற்கும் வருகிறேன்.

இப்படிக்கு,
வழித்தடம் போட்ட ஒரு பழைய ஆள்